அண்ணன் கணக்கின் பணம்: நாமினியான தம்பிக்கு என்ன உரிமை?

கேள்வி: என் அண்ணன் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருந்தார். எட்டு மாதம் முன்பு மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து இறந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே காரைக்குடியில் வங்கிக் கணக்குத் தொடங்கியபோது என்னை நாமினியாகப் போட்டார், கடைசிவரை மாற்றவில்லை. பணத்தைத் தனக்குத்தான் தர வேண்டும் என்று அண்ணி வங்கியில் எழுதிக் கொடுத்தும், மேனேஜர் பிக்சட் டெபாசிட், சேமிப்புக் கணக்கு இரண்டும் சேர்த்து 10,80,000 ரூபாயை என்னிடமே கொடுத்தார். இப்போது அண்ணி வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவு, காரியச் செலவு எல்லாம் நான் செய்தது. ஐந்து வருஷம் முன்பு அண்ணனுக்குக் கைமாற்றாகக் கொடுத்த 2 லட்சமும் வரவில்லை. 'என் பணம் தம்பிக்குத்தான்' என்று அவரே பலர் முன்னால் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கு ஏழு வயதில் ஒரு மகள். எங்கள் ஆத்தா இருக்கிறார், அப்பா இல்லை, வேறு உடன்பிறப்பும் இல்லை. ஆத்தா தன் பங்கை எனக்கே தருகிறேன் என்கிறார். வங்கியே என்னை நம்பிக் கொடுத்த பணத்தை நான் ஏன் தர வேண்டும்?
— வாசகர், கோட்டையூர்

பதில்: தரத்தான் வேண்டும். செலவுகளையும் கடன்களையும் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். அந்தக் கழிவுகளைத் தவிர இதில் உங்களுக்கென்று ஒரு ரூபாய் பங்குகூட இல்லை. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் நோட்டீஸ் வந்துவிட்ட பிறகு சுற்றி வளைத்துச் சொல்வதில் உங்களுக்குப் பயனில்லை.

உங்கள் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. அண்ணி எழுதிக் கொடுத்தும் மேனேஜர் அதைக் கண்டுகொள்ளாமல் உங்களுக்குக் கொடுத்தார். அப்படியானால் சட்டம் உங்கள் பக்கம்தானே என்று நினைக்கிறீர்கள். மேனேஜர் செய்தது சரிதான். 1949-ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 45இசட்ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. டெபாசிட்தாரர் இறந்தால் அந்தப் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கும் உரிமை மற்ற எல்லாரையும் விலக்கி நாமினிக்கே என்று அது சொல்கிறது. அடுத்த பிரிவான 45இசட்பி, நாமினி அல்லாத யார் வந்து 'எனக்குப் பாத்தியதை உண்டு' என்று எழுதிக் கொடுத்தாலும் வங்கி அதை ஏற்க வேண்டியதில்லை என்கிறது. கோர்ட் உத்தரவு கொண்டுவந்தால் மட்டும் வங்கி நிறுத்த வேண்டும். அண்ணி வெள்ளைத்தாளில் மனு கொடுத்தார், தடை உத்தரவு வாங்கவில்லை. அதனால் பணம் உங்களிடம் வந்தது. அவருக்கு உரிமை இல்லை என்று யாரும் அங்கே முடிவு செய்யவில்லை. முடிவு செய்யும் அதிகாரம் மேனேஜருக்குக் கிடையாது.

'மற்ற எல்லாரையும் விலக்கி' என்ற சொற்களை வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேர், சில வக்கீல்கள் உட்பட, பணமே நாமினிக்குத்தான் என்று பேசுவார்கள். அதே பிரிவின் கடைசியில் ஒரு வரி வருகிறது: நாமினிக்குக் கொடுத்தவுடன் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது, ஆனால் பணத்தை வாங்கியவர் மீது வேறு யாருக்காவது இருக்கும் உரிமை அதனால் பாதிக்கப்படாது. உச்ச நீதிமன்றம் 2010-ல் ராம் சந்தர் தல்வார் வழக்கில், ஒரு வங்கிக் கணக்கை வைத்தே இதைத் தீர்த்துவிட்டது. நாமினிக்குக் கிடைப்பது பணத்தை வாங்கும் உரிமை. அவர் சொந்தக்காரர் ஆவதில்லை. இறந்தவரின் வாரிசுகளுக்குப் பணம் அவர்களுடைய வாரிசுச் சட்டப்படி போகும். கம்பெனிப் பங்குகளுக்கும் இதுதான் நிலை என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் சொன்னது. நாமினேஷன் என்பது வாரிசுரிமைக்கு ஒரு புது வழி அல்ல என்பது அதிலும் தெளிவாக இருக்கிறது.

நம் பக்கத்து ஆள்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. பர்மாவிலும் மலேயாவிலும் செட்டியார் கடைகள் நடந்த காலத்தில் முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடைக்குப் போன ஏஜெண்டுதான் பணம் வாங்குவார், ரசீது கொடுப்பார், கையெழுத்துப் போடுவார். கடன்காரன் அவரிடம் கட்டிவிட்டால் அவன் கடன் தீர்ந்தது. ஆனால் தவணை முடிந்து ஊர் திரும்பும்போது ஏஜெண்ட் கணக்கு ஒப்படைக்க வேண்டும். நீங்கள் இப்போது அந்த ஏஜெண்டின் இடத்தில் இருக்கிறீர்கள்.

வங்கி இதை உங்களிடம் மறைக்கவும் இல்லை. இறந்தவரின் வாரிசுகளுக்காக, அவர்களுடைய டிரஸ்டியாகத்தான் வாங்குகிறீர்கள் என்பதை நாமினிக்குத் தெளிவுபடுத்திவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லியிருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட க்ளெய்ம் படிவத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் கையெழுத்துக்கு மேலேயே அந்த வாசகம் இருக்கும். அந்த அவசரத்தில் யாரும் படிப்பதில்லை, சரி. ஆனால் வழக்கென்று வந்தால் அண்ணியின் வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான்.

அப்புறம், அண்ணன் பலர் முன்னால் சொன்னது. அவர் மனதார அப்படி நினைத்திருக்கலாம். ஆனால் சொத்தை ஒருவருக்கு விட்டுப்போக வேண்டுமானால் உயில் எழுத வேண்டும். அதில் எழுதியவர் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்தும் வேண்டும். போர்முனையில் இருக்கும் ராணுவத்தார் போன்ற சிலருக்கு மட்டும்தான் வாய்மொழி உயில் செல்லும். உங்கள் பெயருக்கு அண்ணன் எழுதிய உயில் எங்காவது இருந்தால் இந்தப் பதில் முழுவதுமே மாறிவிடும். அதனால் அவருடைய பெட்டி, பட்டறை மேசை, பத்திரம் வைத்த பை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாமினேஷன் படிவத்திலேயே இரண்டு சாட்சி கையெழுத்து இருக்கிறதே, அதை உயிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அது யாரிடம் பணத்தைக் கொடுப்பது என்று வங்கிக்குச் சொன்ன கடிதம், அவ்வளவுதான்.

உயில் இல்லை என்று வைத்துக்கொண்டு யார் வாரிசு என்று பார்ப்போம். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் ஒரே நேரத்தில் சமமாக வாங்குவார்கள். மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் அந்த வகுப்பில் வருகிறார்கள். உடன்பிறந்தவர்கள் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்கு எதுவும் வராது. உங்கள் வீட்டில் முதல் வகுப்பில் மூன்று பேர்: அண்ணி, அவர் மகள், ஆத்தா. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இறந்தவரின் தாயை மறந்துவிட்டு எல்லாம் மனைவிக்கும் பிள்ளைக்கும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். அண்ணி அனுப்பிய நோட்டீஸிலும் முழுத்தொகையைக் கேட்டிருந்தால் அதுவும் தவறு, பதிலில் அதைக் குறிப்பிடலாம். அண்ணி பிறந்தகம் போய்விட்டார், நாளைக்கு மறுமணம் செய்துகொள்வார் என்றெல்லாம் வீட்டில் பேச்சு வந்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கணவர் இறந்த நிமிடமே அவர் பங்கு அவருடையதாகிவிட்டது.

இனி கழிவுகள். இங்கேதான் உங்கள் நியாயம் இருக்கிறது, இங்கேதான் தகராறும் வரும். வாரிசுகளுக்குப் போவது இறந்தவரின் செலவும் கடனும் தீர்ந்த மீதி. கடைசி நாள்களின் மருத்துவச் செலவு, தகுதிக்கேற்ற ஈமச் செலவு இரண்டும் முதலில் எடுக்கப்பட வேண்டியவை. ஆஸ்பத்திரி பில், மருந்துக்கடை பில், நீங்கள் கட்டியதற்கான வங்கிப் பதிவு எல்லாம் கைவசம் இருந்தால் அதைக் கழிப்பதில் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. கருமாதிக்கு நூறு பேரைக் கூட்டி விருந்து வைத்த செலவை முழுவதும் எழுதினால் அண்ணி தரப்பு கேள்வி கேட்கும். கேட்டால் கோர்ட் அதைக் குறைக்கவும் கூடும். ஊர் வழக்கத்துக்கு ஒத்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டறைக் கடன்களையும் பாருங்கள். ஆத்தங்குடிப் பட்டறைகளில் சிமெண்ட், கலர் பொடி, கண்ணாடி எல்லாம் கடனில் வாங்கி, மால் போன பிறகு கட்டுவது சாதாரணம். ஆள்களுக்கு வாரக்கூலி பாக்கி இருந்திருக்கலாம், சிலர் டைல்ஸுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். இவை அண்ணனுடைய கடன். அவர் பணத்திலிருந்து போக வேண்டியவை. நீங்கள் உங்கள் கையிலிருந்து தீர்த்திருந்தால் பில்லோடு கழியுங்கள். இன்னும் தீர்க்கவில்லை என்றால் வாரிசுகளோடு பேசி, எது உண்மையான பாக்கி என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். மறுபக்கம், பட்டறைக்கு வெளியிலிருந்து வர வேண்டிய பணமும் இயந்திரமும் இருக்கும். அதுவும் அந்த மூன்று பேருக்குத்தான்.

உங்கள் 2 லட்சம் கைமாற்று விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். கொடுத்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது என்கிறீர்கள். கடனை வசூலிக்க வழக்குப் போடும் காலவரம்பு பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்துக்குள் அண்ணன் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ, கொஞ்சம் திருப்பிக் கட்டி அதற்கு அவர் கையெழுத்துள்ள எழுத்து இருந்தாலோ கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் சட்டப்படி அதைக் கேட்கும் வழி அடைபட்டுவிட்டது. அதைவிட முக்கியம், பணத்தை வைத்திருப்பவரும் நீங்கள், கடன் கேட்பவரும் நீங்கள். நீங்களாகவே எடுத்துக்கொண்டு மீதியைக் காட்டினால் மற்ற கணக்கெல்லாம் நேர்மையாக இருந்தாலும் சந்தேகப் பார்வை விழும். அண்ணியிடமும் ஆத்தாவிடமும் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் தங்கள் பங்கிலிருந்து ஒப்புக்கொண்டால் வாங்கிக்கொள்ளலாம். குழந்தையின் பங்கிலிருந்து அதை எடுக்க அண்ணி சம்மதித்தாலும் எடுக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆஸ்பத்திரிக்கும் காரியத்துக்கும் பில்லோடு காட்டக்கூடியது 1,50,000 என்றும், பட்டறைக் கூலி, சிமெண்ட் பாக்கி சேர்த்து 90,000 என்றும் வைத்துக்கொள்வோம். 10,80,000-ல் இந்த 2,40,000 போனால் மீதி 8,40,000. மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 2,80,000. அண்ணி கையில் அவர் பங்கும் மகள் பங்குமாக 5,60,000 போகும், ஆத்தாவுக்கு 2,80,000. இந்த எட்டு மாதமாகப் பணம் உங்கள் கணக்கில் கிடந்து வட்டி வந்திருந்தால் அந்த வட்டியும் இதே விகிதத்தில் பிரிய வேண்டும். உங்கள் சொந்தப் பணத்தோடு கலந்திருந்தால் இன்றைக்கே தனிக் கணக்கில் எடுத்து வையுங்கள். வியாபாரத்தில் போட்டிருந்தால் நிலைமை கடினம். வாரிசுகளின் பணத்தைக் கையாண்டார் என்று நம்பிக்கை மோசடிப் புகார் கொடுக்கிற அளவுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். சிவில் வழக்கைவிட அதில் ஊர்ப் பேச்சு பெரிது.

குழந்தையின் பங்குக்கு வருகிறேன். ஏழு வயதுப் பெண்ணுக்காக அவள் தாய்தான் இயற்கைக் காப்பாளர். 2,80,000 ரூபாயை அவரிடம் கொடுத்து ரசீது வாங்கலாம். ஆனால் 'எங்களுக்கு எதுவும் வேண்டாம்' என்றோ 'சமரசமாக 3 லட்சம் போதும்' என்றோ அண்ணி எழுதிக் கொடுத்தால் அது அவருடைய பங்கை மட்டும்தான் கட்டும். மகள் பங்கை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பெண் 18 வயதானதும், பொதுவாக அதிலிருந்து மூன்று வருஷத்துக்குள், உங்கள் மேல் வழக்குப் போடலாம். அதாவது இன்றைக்குத் தப்பித்துவிட்டோம் என்று நீங்கள் நினைத்தாலும் இன்னும் பதினான்கு வருஷம் இந்தக் கத்தி தொங்கும். ஆகவே குழந்தையின் பங்கை மட்டும் அவள் பெயரில், தாயைக் காப்பாளராகக் காட்டி, பிக்சட் டெபாசிட்டாகவே போட்டுத் தாருங்கள். டெபாசிட் ரசீதின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

செய்ய வேண்டிய வரிசை சிக்கலானதில்லை. முதலில் நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் ஒரு வக்கீல் மூலம் பதில் கொடுங்கள்: பணத்தை நாமினியாக வாங்கியது உண்மை, வாரிசுகளுக்காக வைத்திருக்கிறேன், கணக்கு தருகிறேன் என்று. அந்த ஒரு பதிலே பாதிச் சூட்டைத் தணிக்கும். தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதில் மூன்று பெயரும் வர வேண்டும். யார் யார் வாரிசு என்பதைத்தான் அது காட்டும், பங்கு விகிதத்தைத் தீர்மானிக்காது. வங்கி ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டதால் இந்தத் தொகைக்குக் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பிறகு வரவு, செலவு, மீதி, பங்கு என்று ஒரே தாளில் கணக்கெழுதி, பில் நகல்களை இணைத்து, அண்ணிக்கும் ஆத்தாவுக்கும் கொடுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக மாற்றுங்கள். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, எந்தக் கணக்குக்காக, எந்தப் பங்குக்காக என்று எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்குங்கள்.

வேறு கணக்குகளிலும் இன்சூரன்ஸிலும் உங்கள் பெயர் இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் திருத்தப்பட்ட இன்சூரன்ஸ் சட்டம் பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்குத் தனி அந்தஸ்து கொடுத்திருக்கிறது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே ஒத்த கருத்து இல்லை. எப்படியானாலும் அந்தப் பட்டியலில் உடன்பிறந்தவர் இல்லை. அதனால் பாலிசியில் உங்கள் பெயர் இருந்தாலும் இதே கதைதான். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடலாம், டெபாசிட்டுக்குச் சதவீதமும் குறிப்பிடலாம் என்று வந்திருக்கிறதே, அது பணத்தைச் சொந்தமாக்குகிறதா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். வங்கி யாரிடம் எவ்வளவு கொடுக்கும் என்பதைத்தான் அது மாற்றியிருக்கிறது.

கடைசியாக ஆத்தாவின் பங்கு. அவர் மனமுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் தவறில்லை, அது அவர் பணம். ஆனால் கணக்குத் தாளிலேயே 'தாய் பங்கு தம்பிக்கு' என்று நேராக எழுதிவிடாதீர்கள். முதலில் 2,80,000 ஆத்தாவின் கணக்கில் போகட்டும், அவர் ரசீது தரட்டும். சில நாள் கழித்து அவர் விருப்பப்படி உங்களுக்கு மாற்றட்டும், கூடவே தானமாகத் தருகிறேன் என்று ஒரு கடிதமும் தரட்டும். வயதானவரை மிரட்டி வாங்கிவிட்டார் என்று பின்னால் யாரும் சொல்ல வழி இருக்கக் கூடாது.

அவர் பணத்தைத் தன்னிடமே வைத்திருந்து உயில் எழுதாமல் காலமானால், அது முழுவதும் உங்களுக்கு வராது. தாயின் சொத்தில் மகனுக்கும், முன்பே இறந்த மகனின் பிள்ளைக்கும் பங்கு உண்டு. எனவே பாதி உங்களுக்கு, பாதி மறுபடியும் அண்ணன் மகளுக்கு. ஆத்தாவுக்கு வேறு எண்ணம் இருந்தால் உயில் எழுதட்டும். இரண்டு சாட்சிகளும் வெளியாளாக, அவரைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். நீங்களோ உங்கள் மனைவியோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம்.